நான்காவது ஆள் எப்போது வருவார்?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கக் குழுவில் ஐந்து பேர். நால்வர் வந்தால்தான் கூட்டம் தொடங்கலாம் என்பது விதி. பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் அவரவர் இஷ்டத்துக்கு வருவார்கள். ஐந்தில் நான்காவது ஆள் என்றால் ஒரு மணி நேரத்தில் ஐந்தில் நாலு பங்கு, அதாவது 10.48 என்று கணக்குப் போட்டேன். புள்ளியியல் படிக்கும் என் மகள் 10.40 என்கிறாள். கம்ப்யூட்டரிலும் ஓட்டிக் காட்டினாள். ஏன் என்று கேட்டால் 'பீட்டா பரவல்' என்கிறாள். எங்கிருந்து வந்தது இந்த பீட்டா? (வாசகர் ஒருவர், மன்னார்குடி)

பதில்: மகள் சொல்வதுதான் சரி. நீங்கள் போட்ட கணக்கைக் கடைசி ஆள்வரை கொண்டுபோய்ப் பாருங்கள், தவறு தானே வெளியே வரும். ஐந்தாமவர் ஐந்தில் ஐந்து பங்கு, அதாவது சராசரியாகச் சரியாகப் பதினொரு மணிக்கு வர வேண்டும். பதினொன்றுக்குப் பிறகு யாரும் வருவதில்லை. அப்படியானால் சராசரி பதினொன்றாக இருக்க, அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மணி அடிக்கும்போதே நுழைந்தாக வேண்டும். நடக்கிற காரியமா?

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் கணக்கில் முதல் ஆள் வரும்வரை 12 நிமிடம் காத்திருக்கிறோம். கடைசி ஆள் வந்த பிறகு பதினொன்றுவரை மீதி நேரமே இல்லை. கடிகாரத்தைத் திருப்பி வைத்து, பதினொன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினாலும் இந்த ஐந்து பேரின் வருகை அதே மாதிரிதானே இருக்க வேண்டும்? முன்னால் 12 நிமிடம் விட்டால் பின்னாலும் அதே அளவு விட்டாக வேண்டும். நீங்கள் ஆட்களை எண்ணினீர்கள். எண்ண வேண்டியது இடைவெளிகளை. ஐந்து பேர் ஒரு மணி நேரத்தை ஆறு துண்டாக வெட்டுகிறார்கள்.

ஆறு துண்டும் சராசரியில் சமம் என்பதற்கு ஒரு வட்டம் போதும். அதன் விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு ஆறு புள்ளிகள் வையுங்கள். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே ஆறு வில்களில் எதற்கும் தனிச் சலுகை கிடையாது. ஒவ்வொன்றின் சராசரி நீளமும் ஆறில் ஒன்று. இப்போது ஒரு புள்ளியில் கத்தரித்து வட்டத்தை நேராக நீட்டுங்கள். கத்தரித்த இடம் பத்து மணியாகவும் பதினொரு மணியாகவும் ஆகிவிடும். மிச்சமிருக்கும் ஐந்து புள்ளிகள் உங்கள் ஐந்து உறுப்பினர்கள். ஒவ்வொரு இடைவெளியும் சராசரியாகப் பத்து நிமிடம். நான்காமவர் 10.40. எத்தனை பேர் இருந்தாலும், எத்தனையாவது ஆள் என்று கேட்டாலும் இதே வழிதான்: வரிசை எண்ணை, ஆட்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுக்க வேண்டும்.

ஆனால் சராசரி மட்டும் தெரிந்து கூட்டம் நடத்த முடியாது. எந்த நேரத்தில் வர எவ்வளவு வாய்ப்பு என்பது தெரிய வேண்டும். பீட்டா நுழைவது அங்கேதான்.

ஒரு மணி நேரத்தை 1 என்று வையுங்கள். அதில் x என்ற நேரத்தை ஒட்டி ஒரு நூலிழை அளவு இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காமவர் அந்த இழைக்குள் வர வேண்டுமானால் என்ன நடந்திருக்க வேண்டும்? மூன்று பேர் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும், ஒருவர் அந்த இழையில் வர வேண்டும், ஒருவர் அதற்குப் பிறகு வர வேண்டும். ஒருவர் முன்பே வந்திருக்கும் வாய்ப்பு x. மூன்று பேர் என்பதால் x³. பிறகு வரும் ஒருவருக்கு (1−x). இழையில் வருபவர் யார் என்று தேர்ந்தெடுக்க 5 வழி, பிறகு வருபவரைத் தேர்ந்தெடுக்க 4 வழி, ஆக 20. எல்லாவற்றையும் பெருக்கினால்:

20x³(1−x)

உங்கள் மகள் சொன்ன பீட்டா இதுதான். 'முன்னால் இத்தனை பேர், பின்னால் இத்தனை பேர்' என்று எண்ணியதும் தானாக வந்து நிற்கிற வடிவம். x-இன் மேலே உள்ள அடுக்கு முன்னால் வந்தவர்களின் எண்ணிக்கை. (1−x)-இன் அடுக்கு பின்னால் வருபவர்களின் எண்ணிக்கை. மாணவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. நாம் கண்ணால் பார்ப்பது 3-உம் 1-உம். பாடநூல் இதையே பீட்டா (4, 2) என்று எழுதும். அடுக்குகளோடு ஒன்று கூட்டிச் சொல்வது வெறும் எழுத்து மரபு. இதை மறந்து (4, 1) என்று எழுதிவிட்டு விடை ஏன் பொருந்தவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை, ஆட்களின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இங்கே 4+2 = 6. அதிலேயே சராசரியும் இருக்கிறது: ஆறில் நான்கு.

இதற்குள் இருக்கும் ஓர் அழகைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. உங்கள் ஐவரில் செயலாளரை மட்டும் கவனியுங்கள். அவர் x நேரத்தில் வருகிறார் என்றால், மற்ற நால்வரில் மூவர் முன்பும் ஒருவர் பின்பும் வர வாய்ப்பு 4x³(1−x). அவர் எந்த நேரத்திலும் வரலாம் என்பதால், இந்த வளைகோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்பு அவர் நான்காவதாக வரும் வாய்ப்பைத் தரும். அந்த வாய்ப்பு எவ்வளவு? ஐந்து பேரும் ஒரே மாதிரி. எனவே ஐந்தில் ஒன்று. தொகையீடு எதுவும் போடாமலே பரப்பு கிடைத்துவிட்டது! அதை 5-ஆல் பெருக்கினால் மொத்த வாய்ப்பு 1 ஆகிறது. 4 அங்கே 20 ஆகிறது.

ஆங்கிலேயப் பாதிரியாரும் கணித ஆர்வலருமான தாமஸ் பேய்ஸ் எழுதி, அவர் 1761-இல் இறந்த பிறகு நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அனுப்பி, 1763-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரையில் இருப்பதும் இதே காட்சிதான். சமதளமான ஒரு மேசையில் ஒரு பந்தை உருட்டி, அது நின்ற இடத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். பிறகு இன்னொரு பந்தைத் திரும்பத் திரும்ப உருட்டி, கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றது என்பதை மட்டும் சொல்கிறார்கள். நான்கு முறை உருட்டியதில் மூன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்றால் கோடு எங்கே இருக்கும்? விடை அதே 20x³(1−x). தெரியாத ஒரு விகிதத்தைச் சில சோதனைகளிலிருந்து மதிப்பிடும் பாடத்திலும் பீட்டா வருகிறதே என்று உங்கள் மகள் என்றாவது வியந்திருந்தால், இதைக் காட்டுங்கள். இரண்டு பாடமும் ஒன்றே.

இனி உங்கள் கூட்டத்துக்கு வருவோம். அந்த வளைகோட்டின் உச்சி 10.45-இல் இருக்கிறது. சராசரி 10.40. பாதிக் கூட்டங்கள் இதற்கு முன், பாதி இதற்குப் பின் என்று பிரிக்கும் நேரம் 10.41. மூன்றும் வெவ்வேறு என்பது வளைகோடு ஒருபக்கம் சாய்ந்திருப்பதால். சில நாள் நால்வரும் 10.20-க்கே கூடிவிடுவார்கள், அந்த நாள்கள் சராசரியைக் கீழே இழுக்கின்றன. நேரம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் சுமார் 11 நிமிடம், லேசான ஆட்டம் இல்லை.

குறிப்பிட்ட ஒரு நேரத்துக்குள் நால்வர் வந்திருப்பார்களா என்று பார்க்க வளைகோடுகூட வேண்டாம். 'நான்காமவர் வந்துவிட்டார்' என்றால் 'ஐவரில் குறைந்தது நால்வர் வந்துவிட்டார்கள்' என்று பொருள். உங்கள் 10.48-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அதற்குள் வந்திருக்கும் வாய்ப்பு 0.8. ஐவரும் வந்திருக்க 0.328, சரியாக நால்வர் வந்திருக்க 0.410. கூட்டினால் கிட்டத்தட்ட 0.74. நீங்கள் அழைப்பிதழில் 10.48 என்று அச்சடித்தால், நூறு கூட்டத்தில் இருபத்தாறு கூட்டம் ஆள் போதாமல் காத்திருக்கும். 10.40 என்று அச்சடித்தால் பாதிக்கும் மேல், சுமார் 54 கூட்டம் காத்திருக்கும். ஆகவே மகள் சொன்ன சராசரி சரியான விடைதான். ஆனால் அழைப்பிதழுக்கு அது உதவாது. பத்தில் ஒன்பது கூட்டமாவது நேரத்துக்குத் தொடங்க வேண்டுமென்றால் 10.54 என்று போடுங்கள்.

இவ்வளவும் இரண்டு நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. ஒருவர் வருகை இன்னொருவரைச் சாரக்கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் எந்த நிமிடமும் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும். உங்கள் குழுவில் இருவர் ஒரே ஸ்கூட்டரில் வருகிறவர்கள் என்று வையுங்கள். அப்போது தனித்தனி வருகை நான்குதான். ஸ்கூட்டர் கடைசியாக வராவிட்டால் மூன்றாவது வருகையிலேயே நால்வர் ஆகிவிடுவார்கள். அதற்கு வாய்ப்பு முக்கால், சராசரி 36 நிமிடம். ஸ்கூட்டர் கடைசியாக வந்தால் நான்காவது வருகைவரை, சராசரியாக 48 நிமிடம், காத்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 39 நிமிடம். நாற்பதுக்கும் அதற்கும் ஒரு நிமிடம்தான் வித்தியாசம். எனவே சராசரி பொருந்திவிட்டது என்பதற்காக நிபந்தனைகள் சரி என்று நம்பிவிடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் நேரத்தை எழுதி, ஆறு இடைவெளிகளையும் தனித்தனியே பாருங்கள். ஏதோ ஓர் இடைவெளி ஒவ்வொரு கூட்டத்திலும் பூஜ்யமாக இருந்தால் ஸ்கூட்டர் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது நிபந்தனை உடைவது அவ்வளவு மோசமில்லை. எல்லோரும் 10.45-ஐ ஒட்டியே வருகிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் சாராமல், ஒரே பழக்கத்தோடு வருகிறார்கள் என்றால், கடிகாரத்தை மாற்றிக்கொண்டால் போதும். நிமிடத்துக்குப் பதிலாக, 'இந்த நேரத்துக்குள் நூற்றுக்கு எத்தனை வருகை நடந்துவிடும்' என்பதை அளவாக வையுங்கள். அந்த அளவில் வருகை மறுபடியும் சமமாகப் பரவிவிடும், நான்காமவர் மறுபடியும் பீட்டா (4, 2). அடிப்படைப் பரவல் என்னவென்றே தெரியாமல் பேச முடிவது இதனால்தான்.

அமெரிக்கப் புள்ளியியலாளர் சாமுவேல் வில்க்ஸ் 1941-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு பொருளின் அளவு எப்படிப் பரவியிருக்கிறது என்றே தெரியாது. சில மாதிரிகளை எடுத்து, அவற்றில் பெரியதை எல்லையாக வைக்க வேண்டும். மொத்தப் பொருள்களில் 95 விழுக்காடாவது அந்த எல்லைக்குள் அடங்கும் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல எத்தனை மாதிரி வேண்டும்? எடுத்த எல்லா மாதிரியும் கீழ் 95 விழுக்காட்டிலேயே விழுந்துவிடும் வாய்ப்பு, 0.95-ஐ அத்தனை முறை பெருக்கியது. அது 0.05-க்குக் கீழே இறங்க வேண்டும். 58 மாதிரியில் 0.051, 59-இல் 0.0485. அணு உலைப் பாதுகாப்புக் கணக்குகளில் ஒரு விபத்து நிலையைக் கணினியில் 59 முறை ஓட்டி, வந்ததில் மிக அதிகமான வெப்பநிலையை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்த எண்ணிலிருந்து வந்தது. அங்கே பீட்டா (59, 1), உங்கள் சங்கத்தில் பீட்டா (4, 2).