தீவிரமும் முன்னுரிமையும்: நேர்காணலின் அடுத்த கேள்விக்குத் தயாராவது

"டெஸ்டிங்கில் நான்கு ஆண்டு அனுபவம் உண்டு. சிவியாரிட்டிக்கும் பிரயாரிட்டிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் விளக்கத்தையும், முகப்பில் நிறுவனத்தின் லோகோ தவறாக வருவது என்ற வழக்கமான உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் துருவிக் கேட்டால் தடுமாறுகிறேன். எப்படித் தயாராவது?"

விளக்கத்தைச் சில வாக்கியங்களில் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு பிழை மென்பொருளுக்கும் அதிலுள்ள தரவுக்கும் எவ்வளவு கேடு செய்கிறது என்பது சிவியாரிட்டி. அதைப் பெரும்பாலும் டெஸ்டரே குறிக்கிறார். அந்தப் பிழையை எவ்வளவு விரைவில் சரிசெய்ய வேண்டும் என்பது பிரயாரிட்டி. அதை, பிழைகளை வரிசைப்படுத்தும் ட்ரையாஜ் கூட்டத்தில் ப்ராடக்ட் ஓனர் முடிவு செய்கிறார். இவ்வளவையும் புதிதாக வேலை தேடுபவர்களும் சொல்லிவிடுவார்கள். இடைநிலைப் பணிக்கு நேர்காணல் நடத்துபவர் அறிய விரும்புவது வேறு: இந்த இரண்டு மதிப்புகளும் எப்போது மாறும், எதனால் மாறும், மாற்றச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையே அவர் தேடுகிறார். ஆகவே இரண்டும் கூடியும் குறைந்தும் சேரும் நான்கு வகைக்கு நான்கு உதாரணங்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே பிழையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லப் பழகுவது பயன் தரும்.

ஒரு கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஆண்டு இறுதியில் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் அது அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாகக் கொண்டுசெல்கிறது. ஆனால் இருப்பு மைனஸில் இருந்தால் அந்தக் குறி விடுபட்டு, -4,000 என்பது 4,000 ஆகப் பதிவாகிறது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை. ஆண்டு முடிய ஒன்பது மாதங்கள் இருக்கும்போது இதை நீங்கள் கண்டுபிடிக்கிறீர்கள். கணக்கில் 8,000 வேறுபாடு யாருக்கும் தெரியாமல் நுழைகிறது என்பதால் சிவியாரிட்டி கிரிட்டிக்கல். அந்த வசதியை ஒன்பது மாதங்களுக்கு யாரும் தொடப்போவதில்லை என்பதால் பிரயாரிட்டியைக் குறைவாக வைப்பதில் தவறில்லை. ஆண்டு முடிய ஆறு வாரங்கள் இருக்கும்போது அதே பிழை பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும். நாட்காட்டி நகர்ந்ததால் பிரயாரிட்டி மாறியதே தவிர, பிழை செய்யும் கேடு மாறாததால் சிவியாரிட்டி அப்படியே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் துருவும் கேள்வி வரும்: "இருப்பைக் கையால் திருத்திக்கொள்ள வழியிருக்கிறது, அதனால் சிவியாரிட்டியைக் குறையுங்கள் என்று டெவலப்பர் சொன்னால்?" மாற்று வழி இருந்தால் பல அணிகளில் சிவியாரிட்டியை ஒரு படி குறைப்பது வழக்கம்தான். ஆனால் இங்கே பிழைச் செய்தியே வராததால், திருத்த வேண்டும் என்பது பயனருக்குத் தெரிய வழியில்லை. தெரியாத பிழைக்கு மாற்று வழி பயன்படாது. எச்சரிக்கைச் செய்தி ஒன்றைச் சேர்த்த பிறகு குறைக்கலாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். "இது ஒரே ஒரு வாடிக்கையாளரைத்தான் பாதிக்கிறது" என்று அவர் வாதிட்டால், அது பெரும்பாலும் பிரயாரிட்டிக்கான வாதம் என்று பிரித்துக் காட்டுங்கள். பாதிக்கப்படுவோர் எண்ணிக்கையையும் சிவியாரிட்டியில் சேர்க்கும் அணிகள் உண்டு; ஆகவே உங்கள் அணியின் வரையறை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

எதிர்த்திசைக்கு, அதாவது சிவியாரிட்டி குறைவாகவும் பிரயாரிட்டி அதிகமாகவும் இருக்கும் பிழைக்கு, லோகோ உதாரணத்தை விட்டுவிடுங்கள். கேட்டுக் கேட்டுச் சலித்தது அது. பதிவுப் படிவத்தில் "உங்கள் தகவலைப் பகிர மாட்டோம்" என்று வர வேண்டிய வரி "பகிர்வோம்" என்று வந்துவிட்டதாக வையுங்கள். படிவம் முழுமையாக இயங்குகிறது, தரவு சரியாகச் சேமிக்கப்படுகிறது. ஆனாலும் பயனர்கள் தவறான உறுதிமொழிக்கு ஒப்புதல் தருகிறார்கள் என்பதால் அன்றே திருத்தியாக வேண்டும்.

கருவிகளைப் பற்றியும் ஒரு குறிப்பு. பிழைகளைப் பதிவு செய்து பின்தொடர உதவும் ஜிராவில் Priority என்னும் புலம் இயல்பாகவே இருக்கிறது. Severity வேண்டுமென்றால் அணிதான் தனியே சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காத அணியில் நீங்கள் வேலை பார்த்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே, பிழையின் பாதிப்பை விவரணையில் எப்படி எழுதினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நேர்காணலில் நான் பலமுறை கண்டது, இல்லாத நடைமுறையை இருந்ததாகச் சொல்பவர் அடுத்த கேள்வியிலேயே சிக்கிக்கொள்வதைத்தான்.

கடைசியாக, "நாளை ரிலீஸ், கிரிட்டிக்கல் பிழை ஒன்று திறந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்கப்படலாம். ரிலீஸை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிடாதீர்கள், அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. எந்தச் சூழலில் பிழை தோன்றுகிறது, எந்தத் தரவு கெடுகிறது, ரிலீஸுக்குப் பின் அதை மீட்க முடியுமா என்ற மூன்றையும் ப்ராடக்ட் ஓனரிடம் எழுத்தில் வைப்பேன். வெளியிட முடிவானால் சிவியாரிட்டியைத் தொடாமல், பிழையை அறியப்பட்ட குறைகளின் பட்டியலில் சேர்த்து, அவர் முடிவையும் அதே டிக்கெட்டில் பதிவு செய்வேன் என்று சொல்லுங்கள்.