முன்னுரிமை அஞ்சல்: மதிப்பெண் எப்படிக் கூடுகிறது, எங்கே தவறுகிறது?

கேள்வி: சென்னையிலிருந்து எங்களுக்குப் பருப்பும் மிளகாயும் அனுப்பும் ஏற்றுமதியாளர் அண்மையில் தம் மின்னஞ்சல் முகவரியை மாற்றினார். புதிய முகவரியிலிருந்து வந்த முதல் இன்வாய்ஸ் ஜிமெயிலின் ‘முக்கியம்’ பகுதியில் வராமல் விளம்பரங்களுக்கிடையே கிடந்தது. பெயரும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். பிறகு ஏன் இப்படி?
– மளிகை மொத்த வியாபாரி, லெபோ பாசார், ஜார்ஜ் டவுன்

பதில்: உங்களுக்கு அவர் பல ஆண்டுப் பழக்கமானவர். கணக்கிடும் நிரலுக்கோ முகவரிதான் ஆள். முகவரி மாறினால் அது அவரைப் புதியவராகவே எண்ணும். 2010இல் ஜிமெயிலில் முன்னுரிமை அஞ்சல்பெட்டி வந்தபோது அதை உருவாக்கிய கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதன் அடிப்படையை விளக்குகிறது. அனுப்பியவரோடு உங்களுக்குள்ள பழக்கம், அஞ்சலிலுள்ள சொற்கள், அந்த உரையாடலில் நீங்கள் முன்பு செய்தவை போன்ற ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. எடைகளைக் கூட்டி வரும் s என்ற தொகையைக் கீழ்க்கண்ட சூத்திரம், அஞ்சல் உங்களுக்கு முக்கியமாக இருப்பதற்கான, 0க்கும் 1க்கும் இடைப்பட்ட p என்ற வாய்ப்பாக மாற்றுகிறது. அந்த வாய்ப்பே அஞ்சலின் மதிப்பெண்.

```
p = 1 / (1 + exp(-s))
```

உங்கள் நிலையை நானே தேர்ந்துகொண்ட எளிய எடைகளை வைத்துக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். பழைய முகவரியிலிருந்து வந்த 20 அஞ்சல்களில் 18க்கு நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். ஒன்றிரண்டு அஞ்சல்களை மட்டும் வைத்து எவரையும் உயர்த்திவிடவோ தள்ளிவிடவோ கூடாது என்பதால், எல்லோருக்கும் பொதுவாக, பத்து அஞ்சல் வந்து ஒன்றுக்கு மட்டும் பதில் போனதாகக் கற்பனைக் கணக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அதன்படி பழைய முகவரியின் பதில் விகிதம் 30இல் 19 ஆகிறது. பதில் போன 19ஐப் போகாத 11ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்தால், அதற்குரிய எடை ஏறத்தாழ +0.55. புதிய முகவரிக்கு அந்தக் கற்பனைக் கணக்கு மட்டுமே மிஞ்சுவதால் விகிதம் 10இல் 1, எடை −2.2. ‘இன்வாய்ஸ்’ என்ற சொல்லுக்கு +0.8 என வைத்தால், பழைய முகவரியின் தொகை 1.35, வாய்ப்பு 0.79, புதிய முகவரியின் தொகை −1.4, வாய்ப்பு 0.20. எல்லைக்கோடு 0.5 என்றால் முதலாவது மேலே வரும், இரண்டாவது கீழே கிடக்கும். ஒரே ஆள் எழுதிய ஒரே மாதிரியான அஞ்சலுக்கு இத்தனை வேறுபாடு.

இதற்குப் பரிகாரமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நீங்கள் தொடங்கிய உரையாடலுக்கு வரும் பதிலுக்குத் தனி எடை உண்டு, அதை +1.5 எனக் கொண்டால், புதிய முகவரியின் தொகை 0.1க்கு ஏறி, வாய்ப்பு 0.52 ஆகி, எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். ஆகவே யாரேனும் முகவரியை மாற்றிவிட்டதாகத் தெரிவித்தால், முதலில் அவரைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொண்டு, அவருடைய அஞ்சலுக்குக் காத்திராமல் நீங்களே புதிய முகவரிக்கு ஓர் அஞ்சல் எழுதுங்கள். அதற்கு அவர் ‘பதில்’ பொத்தானை அழுத்தி விடையனுப்ப வேண்டும். புதிய அஞ்சலாகத் தொடங்கி எழுதினால் அது உங்கள் உரையாடலின் தொடர்ச்சியாகச் சேராது.

கேள்வி: எங்கள் மன்றத்தின் செயலாளராக இருக்கிறேன். ‘segera’, ‘அவசரம்’ என்றெல்லாம் தலைப்பில் போட்டும் உறுப்பினர்கள் பலருக்கு எங்கள் அஞ்சல் மேலே வருவதில்லை. சொற்களுக்கு மதிப்பே இல்லையா?
– பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: மதிப்பு உண்டு, ஆனால் அதை முடிவு செய்வது அந்தச் சொல்லின் பொருளன்று. அந்தச் சொல் இருந்த அஞ்சல்களுக்குப் பெறுபவர் முன்பு என்ன செய்தார் என்பதே அதன் எடையைத் தீர்மானிக்கிறது. கடன் அட்டை விளம்பரமும் தள்ளுபடி அறிவிப்பும் ‘segera’ என்று கூவிக்கொண்டே வருகின்றன. அவற்றை நாம் திறக்காமலே நீக்குகிறோம். நாளடைவில் அச்சொல்லின் எடை சுழியத்தை நெருங்கும்; சிலருக்கு எதிர்மறையாகவும் போகும்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. சொல்லின் வடிவத்தை மட்டும் பார்க்கும் எளிய நிரலுக்குக் ‘கூட்டம்’, ‘கூட்டத்திற்கு’, ‘கூட்டத்தில்’ ஆகிய மூன்றும் மூன்று தனிச் சொற்கள். மலாயிலும் ‘bayar’, ‘bayaran’, ‘pembayaran’ என்று ஒரே வேர் பல உருவங்களில் வருகிறது. ஒரு மாதம் தமிழிலும் மறுமாதம் மலாயிலும் அதற்கடுத்த மாதம் ஆங்கிலத்திலும் அறிவிப்பு போகுமானால், ஒரே செய்திக்குக் கிடைத்திருக்க வேண்டிய சான்று ஐந்தாறு சொற்களுக்குப் பிரிந்துபோய், எதற்கும் போதிய எடை சேராது. ஆகையால் ‘அவசரம்’ என்பதை விட்டுவிட்டு, ‘மன்றக் கூட்டம்:’ என்பது போன்ற ஒரு தொடரை, வேற்றுமை உருபு ஏதும் சேர்க்காமல், ஒவ்வொரு தலைப்பின் தொடக்கத்திலும் ஒரே எழுத்தமைப்பில் போட்டு வாருங்கள். அஞ்சலில் பதில் எழுதத்தக்க கேள்வி ஒன்றும் இருக்கட்டும், ‘வருகிறீர்களா, இல்லையா?’ என்பதே போதும். உறுப்பினர்கள் எழுதும் ஒற்றை வரிப் பதில்களால் அந்தத் தொடருக்கும் உங்கள் முகவரிக்கும் ஒருசேர எடை கூடும்.

கேள்வி: வாடிக்கையாளர் அஞ்சலைப் படித்தவுடன் வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ பேசி முடித்துவிடுவேன். அண்மைக்காலமாக என் முக்கிய வாடிக்கையாளர்களே கீழே போய்விடுகிறார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– கணக்காளர், செந்தூல்

பதில்: நிச்சயமாக உண்டு. இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து. அஞ்சல்பெட்டிக்குள் நடப்பதை மட்டுமே நிரல் காணும். அஞ்சல் வந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் நீங்கள் அதன்மீது ஏதேனும் செய்தீர்களா என்று பார்த்தே அது முக்கியமானதா என்பதைக் கற்றுக்கொள்கிறது. நீங்கள் அரைமணி நேரம் தொலைபேசியில் பேசித் தீர்த்த விவகாரம், அதன் கணக்கில், பதில் எழுதாமல் விடப்பட்ட ஓர் அஞ்சல்தான். திறந்து படித்ததற்குச் சிறிது எடை கிடைக்கலாம்; பதில் எழுதியதற்குக் கிடைக்கும் அளவுக்கு அது ஈடாகாது.

இதைவிடக் கவலைக்குரியது பின்னர் நேர்வது. ஓர் அஞ்சல் ஒருமுறை கீழே போனால் நீங்கள் அதைப் பார்ப்பது குறைகிறது. பார்க்காததால் பதில் போவதில்லை. பதில் போகாததையே சான்றாகக் கொண்டு நிரல் அடுத்த அஞ்சலை இன்னும் கீழே தள்ளுகிறது. தவறு தன்னைத்தானே உறுதிப்படுத்திக்கொள்வதால் அது தானாகச் சரியாகாது. யாராவது தலையிட்டே ஆக வேண்டும்.

இது நடக்கிறதா என்று அறிய, ஜிமெயிலின் தேடல் கட்டத்தில் வாரம் ஒருமுறை கீழ்க்கண்டதை இட்டுப் பாருங்கள். கடந்த ஏழு நாளில் வந்து, முக்கியம் என்று குறிக்கப்படாதவை எல்லாம் தெரியும்.

```
in:inbox -is:important newer_than:7d
```

அதில் வாடிக்கையாளர் பெயர் ஒன்று தென்பட்டால், முக்கியக் குறியை நீங்களே இடுங்கள். மாதக் கணக்கு அனுப்புவோரைப் போல ஒருபோதும் தவறக்கூடாதவர்களுக்கு, எப்போதும் முக்கியமாகக் குறிக்கும்படி வடிகட்டி ஒன்றை அமைத்துவிடுவதே முறை. அவர்களைக் கற்றல் கணக்கின் பொறுப்பில் விட வேண்டாம். தொலைபேசியில் பேசி முடித்த பின் ‘பேசியபடி செய்கிறேன்’ என்று அஞ்சலிலும் ஒரு வரி எழுதும் பழக்கம் நன்று. உங்கள் தொழிலில் அது பின்னாளில் எழுத்துச் சான்றாகவும் பயன்படும்.

கேள்வி: மேலே வந்த அஞ்சல் என்றால் நம்பிப் பணம் அனுப்பலாமா?
– பட்டர்வொர்த்

பதில்: கூடாது. ‘நீங்கள் இதைப் படிக்க விரும்புவீர்கள்’ என்பதைத்தான் இந்த மதிப்பெண் கணிக்கிறது. அனுப்பியவர் உண்மையானவரா என்று சோதிப்பது வேறு வேலை. சப்ளையரின் அஞ்சல்பெட்டியே திருடர் கைக்குப் போய்விட்டால், அங்கிருந்து வரும் பொய்யான வங்கிக் கணக்கு எண்ணுக்கும் அவருடைய பழைய பழக்கத்தின் முழு எடையும் கிடைக்கும். வங்கிக் கணக்கு மாறியதாக அஞ்சல் வந்தால், அந்த அஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.