தமிழ்ப் பேச்சிலிருந்து ஆங்கிலக் கட்டுரை: கேட்டவையும் சொன்னவையும்

அக்கா, 42 நிமிஷப் பேச்சு கையில இருக்கு. ஒரு சொல் விடாம தட்டச்சு பண்ணி, மொழிபெயர்த்து, கடைசியில இங்கிலீஷைச் சீராக்கலாம்னு இருக்கேன். சரிதானே? (கல்லூரி மாணவி)

பாதி சரிம்மா. தட்டச்சுப் பிரதி சரிபார்க்க உதவும். ஆனால் அதை முன்னால் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் தமிழ்ப் பேச்சின் எலும்புக்கூடு அப்படியே ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு இழைத்தாலும் அது கட்டுரை ஆகாது. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். திருப்பித் திருப்பி இழைத்ததில் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்போது நான் செய்வது இது. முதல் தடவை எதையும் எழுதாமல், நிறுத்தாமல் முழுதாகக் கேட்பேன். முடிந்ததும் அவர் என்னதான் சொன்னார் என்று இரண்டு வரி எழுதுவேன். அது வரவில்லை என்றால் மறுபடி கேட்க வேண்டியதுதான். இரண்டாம் தடவை நிமிடக் குறிப்பு: 12-இல் பீரோ கதை, 31-இல் முக்கியக் கருத்து, இப்படி. மேற்கோளாகப் போகப்போகிற இடம், எண், பெயர், சந்தேகமான வாக்கியம், இவற்றை மட்டும் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்வேன். ஒலிப்பதிவை மூடிவிட்டுக் குறிப்பை வைத்து ஆங்கிலத்தில் எழுதுவேன். மூன்றாம் தடவை கேட்பது, எழுதியதில் அவர் சொல்லாதது எதுவும் நுழைந்துவிட்டதா என்று பார்க்க.

அவர் சொன்ன வரிசையை மாத்தலாமா மேடம்? அது பேசினவருக்குச் செய்யுற துரோகம் இல்லையா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

மாற்றலாம் சார். மேலே சொன்ன குறிப்பு ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் பேச்சிலிருந்து எடுத்தது. முதல் 6 நிமிடம் விளிப்பு, நன்றி, அவையடக்கம். அரங்கில் இருந்தவர்களுக்கு அது வேண்டும், படிப்பவருக்கு வேண்டாம். அவர் சொல்ல வந்ததோ 31-ஆம் நிமிடத்தில்தான் வருகிறது: "அதனாலதான் சொல்றேன், பள்ளிக்கூடத்துல புத்தகம் கிழியணும். கிழியாத புத்தகம் யாரும் படிக்காத புத்தகம்." கட்டுரை அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆனால் அந்த "அதனாலதான்" இருக்கிறதே, அதில்தான் ஆபத்து. அது 12-ஆம் நிமிடத்துப் பீரோவைச் சுட்டுகிறது. நான் அவசரத்தில் இந்த வாக்கியத்தை 25-ஆம் நிமிடத்தில் வருகிற வேறொரு கதைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். படிக்க வழுக்கிக்கொண்டு போயிற்று, காரணம் மட்டும் மாறிவிட்டது. வரிசையை மாற்றுங்கள், எது எதனால் நடந்தது என்பதைத் தொடாதீர்கள்.

அந்த பீரோ கதையையே ஒரு உதாரணமாப் பிரிச்சுக் காட்டுங்களேன். (மொழிபெயர்ப்புக்குப் புதியவர்)

அவர் பேசியது இப்படி: "பாத்தீங்கன்னா, அறுபத்தெட்டு அறுபத்தொம்பது வாக்குல, நாங்க அப்ப... நூலகம்னு ஒண்ணு கிடையாது. ஒரு பீரோ. பூட்டியே கிடக்கும். கேட்டா, சாவி தொலைஞ்சுபோச்சாம். அப்புறம் ஒருநாள் அவரே திறந்துவிட்டாரு."

"பாத்தீங்கன்னா" போகட்டும். "வாக்குல" போகக்கூடாது. 1968 என்று எழுதினால் அவருக்கே இல்லாத உறுதியை நாம் தந்துவிடுகிறோம். 1960-களின் இறுதி என்று எழுதினேன்.

"தொலைஞ்சுபோச்சாம்" என்பதில் உள்ள அந்த "ஆம்"தான் இந்தக் கதையின் உயிர். சாவி தொலைந்தது என்று அவர் சொல்லவில்லை. தொலைந்ததாகச் சொன்னார்கள், நான் நம்பவில்லை என்கிறார். ஆங்கிலத்தில் வெறுமனே சாவி தொலைந்துவிட்டது என்று எழுதினால் ஒரு சாக்குப்போக்கு உண்மையாகிவிடும். சாவி தொலைந்துவிட்டதாகவே எங்களுக்கு எப்போதும் சொல்லப்பட்டது என்ற பொருளில் ஒரு வாக்கியம் வைத்தேன். அந்த "எப்போதும்" அவர் வாயில் வராத சொல். ஆனால் "கேட்டா" என்பதில் பல தடவை கேட்டது ஒளிந்திருக்கிறது. அவரிடமே காட்டினேன், தலையாட்டினார்.

அடுத்து "அவரே". யார்? 9-ஆம் நிமிடத்தில் ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேசியிருக்கிறார், அவர்தான். தமிழில் கேட்கிறவர் குரலை வைத்தே பிடித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் "ஹீ" என்று விட்டால் பீரோவுக்குப் பக்கத்தில் எவனோ ஒருத்தன் நிற்பான். ஆக, கணக்கு ஆசிரியர் என்றே எழுத வேண்டும்.

நாங்க, நாம ரெண்டுக்குமே "வீ" போட்டேன். ஆசிரியர் "யார் இந்த வீ?"ன்னு ஓரத்துல எழுதித் திருப்பி அனுப்பிட்டார். (பத்திரிகைப் பணியாளர்)

கேட்க வேண்டிய கேள்விதான். தலைமையாசிரியர் "நாங்க" என்றால் அந்தக் கால மாணவர்கள்; "நாம" என்றால் அரங்கில் இருக்கிற ஆசிரியர்களையும் சேர்த்து. ஆங்கிலத்துக்கு அந்த வேறுபாடு கிடையாது. முதல் தடவை வருகிற இடத்தில் மாணவர்களான நாங்கள், ஆசிரியர்களான நாம் என்று பெயர்ச்சொல்லைக் கூடவே வைத்துவிடுங்கள், அடுத்த சில வாக்கியங்களுக்கு வெறும் "வீ" தாங்கும்.

யூடியூப் வீடியோவுக்கு இங்கிலீஷ் வசனவரி போடணும். இதே முறைதானே? (குறும்படக்காரர்)

இல்லை தம்பி. வசனவரி பேச்சின் நேரத்தோடு ஓட வேண்டும், வரிசையை மாற்ற வழியே இல்லை. அது வேறு கைவேலை.

பேச்சில் "வள்ளுவர் சொன்ன மாதிரி யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று வருகிறது. அப்படியே எழுதலாமா? (தமிழாசிரியர்)

உங்களுக்கே தெரியும் ஐயா, அது புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார் பாட்டு. மேடையில் நாக்கு பிறழ்வது சகஜம். பேசியவருக்குத் தெரிவித்துவிட்டுத் திருத்திவிடுவேன். அடுத்து ஐந்து நிமிடம் வள்ளுவரைப் பற்றியே வாதம் கட்டியிருந்தால் மட்டும் சிக்கல். அவரேதான் மாற்றித் தர வேண்டும்.

ஒருமுறை வேறொருவர் தட்டச்சு செய்த பிரதியில் "கேளீர்" என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் எல்லோரும் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். கேளிர் என்றால் உறவினர். ஒரு எழுத்து நீண்டதில் சொந்தக்காரர்கள் எல்லாம் சபையோராகிவிட்டார்கள்! மேற்கோள் வரும் இடத்தில் பிரதியையும் நம்பாதீர்கள், மூலத்தைத் திறந்து பாருங்கள்.

எங்க அப்பா பேசின ஒலிநாடா ஒண்ணு இருக்கு. அவர் இப்ப இல்லை. அவர் பெயரிலேயே "நான்"னு எழுதி வெளியிடலாமா? (தனிக் கேள்வியாக வந்தது)

நான் எழுதுவேன். ஆனால் தலைப்புக்குக் கீழே இது இன்ன பேச்சிலிருந்து மகள் ஆங்கிலத்தில் எழுதியது என்று ஒரு வரி இருக்கும். சரிபார்த்துச் சொல்ல அவர் இல்லை என்பதால், "எப்போதும்" என்று நான் சேர்த்த மாதிரி எதையும் சேர்க்க மாட்டேன். புரியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் விட்டுவிடுவேன்.

*(இடையில் ஒரு பதிப்பாசிரியர்: "எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒப்புதல் தர முடியாதவர் பேச்சை, பேசியவர் இப்படிச் சொன்னார் என்று படர்க்கையில்தான் தர வேண்டும். 'நான்' என்று எழுதினால் அந்த ஆங்கிலமும் அவருடையது என்று படிப்பவர் நினைப்பார்.")*

நியாயமான பேச்சுதான். ஆனால் படர்க்கையில் அப்பாவின் குரல் அறிக்கைக் குரலாகிவிடும் என்பது என் பயம். இரண்டு விதத்திலும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள் அம்மா. அவரைத் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அரங்கமே சிரிச்ச இடம் இங்கிலீஷ்ல சப்புன்னு இருக்கே? (மறுபடி அந்த மாணவி)

குரலாலும் இழுத்துப் பேசியதாலும் வந்த சிரிப்பு என்றால் வெட்டிவிடும்மா. சம்பவத்தால் வந்த சிரிப்பு என்றால் சிரித்தார்கள் என்று எழுதாமல் சம்பவத்தை மட்டும் எழுது. பீரோ திறந்ததும் உள்ளே என்ன இருந்தது தெரியுமா? சாவி.