வேலையை மறுக்கும் மின்னஞ்சலில் காலம் தவறினால்

*மாலைநேரத் தமிழ் வகுப்பு ஒன்றில் ஆசிரியராகச் சேர அழைத்திருக்கிறார்கள். எனக்கு வேறு இடத்தில் வேலை அமைந்துவிட்டது. மறுத்து எழுதிய மின்னஞ்சலில் காலங்கள் குழம்பியிருப்பதாகத் தோழி சொல்கிறாள். மரியாதை கெடாமல் திருத்துவது எப்படி?*

*"தங்கள் கடிதம் கிடைக்கிறது. என்னைத் தேர்ந்தெடுப்பதற்கு நன்றி கூறினேன். நேர்காணலில் தாங்கள் காட்டும் அன்பை மறக்க மாட்டேன். வேறொரு பள்ளியில் சேர முடிவு செய்கிறேன். ஆகவே இப்பணியை ஏற்க முடியவில்லை. பிறகு வாய்ப்பு வந்தால் பணியாற்றினேன்."*

*— வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்*

உங்கள் தோழி சொன்னது சரி. வீட்டில் மொரிஷியஸின் கிரியோல் மொழி பேசுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இயல்பு. அந்த மொழியில் காலத்துக்காக வினைச்சொல் மாறுவதில்லை. வினைக்கு முன்னால் நிற்கும் ஃபின், பே, பூ போன்ற சிறு சொற்களே காலத்தைச் சொல்லிவிடும். தமிழிலோ அது வினைக்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு வினையையும் தொட்டு, இது நான் எழுதுவதற்கு முன் நடந்ததா, எழுதும்போதே நடக்கிறதா, இனி நடக்குமா என்று கேளுங்கள். கடிதம் முன்பே வந்துவிட்டது, ஆகவே 'கிடைத்தது'. நன்றியை இந்த வரியிலேயே சொல்கிறீர்கள். 'கூறுகிறேன்' என்பதே சரி. 'கூறினேன்' என்றால் எப்போதோ சொல்லி முடித்தாகிவிட்டது என்று பொருள்படும்.

வாக்கியத்தின் கடைசி வினையை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். பிழை ஒளிந்திருப்பது நடுவில். 'தேர்ந்தெடுப்பதற்கு', 'காட்டும்' இரண்டும் தனியாகப் பார்த்தால் நல்ல சொற்கள். எழுத்துப்பிழை திருத்தி எதுவும் அவற்றைப் பிடிக்காது. தேர்வும் நேர்காணலும் முடிந்துவிட்டதால் 'தேர்ந்தெடுத்ததற்கு', 'காட்டிய' என்று மாற்ற வேண்டும்.

'முடிவு செய்கிறேன்' என்பதைத் திருத்தும்போது கவனம் தேவை. 'செய்துவிட்டேன்' இலக்கணப்படி சரிதான். ஆனால் கதவைச் சாத்துவதுபோல் ஒலிக்கும். 'செய்திருக்கிறேன்' அதே செய்தியை மென்மையாகச் சொல்லும்.

'ஏற்க முடியவில்லை' என்பதில் கை வைக்காதீர்கள். பணி இனிமேல்தானே தொடங்கும் என்று எண்ணி அதை எதிர்காலமாக்கி 'ஏற்க மாட்டேன்' என்று எழுதினால் முகத்தில் அடித்ததாகிவிடும். மேலே 'மறக்க மாட்டேன்' உறுதியைக் காட்டுகிறது. இங்கே அதே 'மாட்டேன்' பிடிவாதமாகிவிடும். இன்னும் பணிவு வேண்டுமென்றால் 'ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன்' எனலாம்.

கடைசி வரிக்குப் 'பணியாற்றுவேன்' பொருந்தும். ஆனால் அது வாக்குறுதி. 'பணியாற்ற விரும்புகிறேன்' போதும். அந்த விருப்பமும் இல்லையென்றால் வரியையே எடுத்துவிடுங்கள். மரியாதை ஒன்றும் குறையாது.

திருத்திய வடிவம்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு மனமார்ந்த நன்றி கூறுகிறேன். நேர்காணலில் தாங்கள் காட்டிய அன்பை மறக்க மாட்டேன். வேறொரு பள்ளியில் சேர முடிவு செய்திருக்கிறேன். ஆகவே இப்பணியை ஏற்க முடியவில்லை. பிறகு வாய்ப்பு வந்தால் தங்களுடன் பணியாற்ற விரும்புகிறேன்."