ஈ மேஜருக்குப் பக்கத்து வீடுகள் ஐந்து

"ஈ மேஜரில் எத்தனை ஷார்ப், நெருங்கிய கீ எவை என்று கேட்டால் சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ் வட்டம் முழுவதையும் வரைந்து பார்க்கிறேன். நேரம் போதவில்லை."

முழு வட்டம் வேண்டாம். சி-யை 12 மணியில் வைத்து வலப்பக்கம் எண்ணுங்கள்: ஜி, டி, ஏ, ஈ. நாலாவது அடி, அதனால் நாலு ஷார்ப். எவை என்றால், எஃப்-இலிருந்து அதே வட்டத்தில் நாலு எழுத்து: எஃப், சி, ஜி, டி.

இனி ஈ-யின் இரு பக்கமும் பாருங்கள்: ஏ, பி. இந்த மூன்றுக்கும் உரிய ரிலேட்டிவ் மைனர்கள் சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். ஈ மேஜரைக் கழித்தால் மீதி ஐந்தும் நெருங்கிய கீ. சந்தேகமிருந்தால் ஈ மேஜர் ஸ்கேலின் ஒவ்வொரு ஸ்வரத்திலும் கார்ட் கட்டுங்கள். ஏழாவதாக வரும் டிமினிஷ்டை விட்டால் இதே ஆறு பெயர்தான் வரும்.

மைனரில்தான் பலர் வழுக்குவார்கள், நானும் வழுக்கினேன். ஜி மைனர் என்றதும் ஜி மேஜரின் ஒரு ஷார்ப்பை எழுதிவிடுவோம். ஜி-யிலிருந்து மூன்று அடி இடப்பக்கம் போங்கள்: சி, எஃப், பி ஃப்ளாட். இரண்டு ஃப்ளாட். அப்புறம் இன்னொன்று: ஜி மைனர் பாட்டில் டி மேஜர் கார்ட் அடிக்கடி வரும், ஆனால் நெருங்கிய கீ டி மைனர்தான். டி மேஜருக்கு இரண்டு ஷார்ப், வட்டத்தில் பி ஃப்ளாட்டிலிருந்து நாலு அடி தள்ளி இருக்கிறது.