முதல் எழுத்தை விழுங்கும் பதிவுகள்

கேள்வி: கொங்குப் பகுதியில் பெரியவர்களிடம் வட்டாரச் சொற்களைச் சொல்லச் சொல்லி லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். பேசும்போது மட்டும் பதிவாகட்டும் என்று `webrtcvad` நூலகத்தோடு வரும் மாதிரி நிரலின் பேச்சைப் பிரிக்கும் பகுதியை அப்படியே மைக் ஒலியோடு இணைத்துப் பயன்படுத்தினேன். 'மாடு', 'வாசல்' எல்லாம் சரியாக வருகின்றன. ஆனால் 'சாமி' என்பது 'ஆமி' ஆகிறது, 'அப்பா' வெறும் 'பா' ஆகிறது. கண்டிப்பு அளவை 3-இலிருந்து 1-க்குக் குறைத்துப் பார்த்தும் பெரிய மாற்றம் இல்லை. நல்ல மைக் வாங்க வேண்டுமா?

பதில்: மைக் வாங்க வேண்டாம். 'மாடு' முழுதாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மைக்கோ ஒலி அட்டையோ தாமதமாக விழித்துக்கொண்டால் 'மாடு'ம் தலை வெட்டுப்பட்டுத்தான் வந்திருக்கும். எந்தச் சொல் வெட்டுப்படும் என்பதை அதன் முதல் ஒலி தீர்மானிக்கிறது என்றால், குற்றம் 'இது பேச்சா, இல்லையா' என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறது. சந்தேகம் தீர, ஆடாசிட்டியில் தொடர்ச்சியாக ஒரு நிமிடம் பதிவு செய்து அதே சொற்களைச் சொல்லிப் பாருங்கள். அதில் 'சாமி' முழுதாக இருந்தால் கருவிகள் நன்றாக இருக்கின்றன. அதிலும் 'ஆமி'யாக வந்தால் மட்டும், ப்ளூடூத் ஹெட்செட்டையும் லேப்டாப்பின் இரைச்சல் நீக்கும் அமைப்பையும் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

உங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே நோய் போலத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு. அதனால்தான் கண்டிப்பைக் குறைத்தும் தீரவில்லை.

முதலில் 'சாமி'. இந்த நூலகம் ஒலியை 10, 20 அல்லது 30 மில்லி விநாடித் துண்டுகளாக வாங்கி, ஒவ்வொரு துண்டுக்கும் 'பேச்சு' அல்லது 'பேச்சில்லை' என்று விடை சொல்கிறது. நீங்கள் 16,000 ஹெர்ட்ஸில் ஒலியைக் கொடுத்தாலும், உள்ளே அதை 8,000-க்கு இறக்கிவிட்டு, 80 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஆறு பட்டைகளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று மட்டுமே பார்க்கும். 'சாமி' என்று சொல்லும்போது முதலில் வரும் உரசொலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000-க்கு மேலேதான் இருக்கிறது. நம் காதுக்கு அது தெளிவாகக் கேட்கிறது; நூலகத்துக்கோ அங்கே மெல்லிய இரைச்சல்தான் தெரிகிறது. அதனால் அந்த ஏறக்குறைய 100 மில்லி விநாடிக்கும் 'பேச்சில்லை' என்று சொல்லிவிட்டு, 'ஆ' தொடங்கியதும் விழித்துக்கொள்கிறது. 'ம', 'வ', 'ந' போன்றவை குரல்நாண் அதிர்ந்து வருபவை, ஆற்றல் கீழ்ப் பட்டைகளில் இருக்கும், ஆகவே முதல் துண்டிலேயே பிடிபடுகின்றன.

சொல்லுக்கு முன்னால் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளத்தானே மாதிரி நிரலில் 300 மில்லி விநாடி பஃபர் இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த நிரலில் இந்த வரியைப் பாருங்கள்:

```python
if num_voiced > 0.9 * ring_buffer.maxlen:
```

துண்டு 30, பஃபர் 300 என்றால் பஃபரில் 10 இடங்கள். 0.9 × 10 = 9. குறி `>=` அல்ல, `>`. அதாவது 9 துண்டுகள் போதாது, பத்துக்குப் பத்தும் 'பேச்சு' என்று இருந்தால்தான் பதிவு தொடங்கும். அப்படியானால் தொடங்கும் அந்த நொடியில் பஃபருக்குள் இருக்கும் பத்துமே பேச்சுத் துண்டுகள். 'பேச்சில்லை' என்று தள்ளப்பட்ட உரசொலி பஃபரை விட்டு ஏற்கெனவே வெளியே போயிருக்கும். முன்பகுதியைக் காப்பாற்ற வைத்த பஃபர் இந்த அளவுகளில் அதைக் காப்பாற்றுவதே இல்லை. படிக்கும்போது '90 சதவீதம்' என்று தாராளமாகத் தெரிவதால் இது கண்ணில் படுவதில்லை.

இப்போது 'அப்பா'. இங்கே முதல் ஒலி உயிரெழுத்து, நூலகத்துக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் தமிழில் வல்லினம் இரட்டிக்கும்போது உதடு மூடியபடி ஒரு மௌனம் வருகிறது. நிதானமாகப் பேசும் பெரியவர் ஒருவர் சொல்வதாக வைத்து, 30 மில்லி விநாடித் துண்டுகளாக எண்ணிப் பார்ப்போம். 'அ' குறில், துண்டு 1 முதல் 3 வரை. பிறகு 'ப்ப' என்று உதடு மூடியிருக்கும் நேரம், 4 முதல் 9 வரை. பிறகு நீண்ட 'பா', 10 முதல் 19 வரை. பேச்சு நின்றதும் உடனே 'இல்லை' என்று சொல்லாமல் சில துண்டுகள் இழுத்துப் பிடிக்கும் வழக்கம் இந்த நூலகத்துக்கு உண்டு. கண்டிப்பு 3-இல், இவ்வளவு சிறிய பேச்சுக்குப் பின் அந்த இழுப்பு 2 துண்டுகள்தான். ஆகவே 1 முதல் 5 வரை 'பேச்சு', 6 முதல் 9 வரை 'பேச்சில்லை', 10-இலிருந்து மறுபடி 'பேச்சு'. தொடர்ந்து பத்து வேண்டுமே, அது 19-ஆவது துண்டில்தான் கிடைக்கிறது. அப்போது பஃபரில் இருப்பது 10 முதல் 19 வரை, அதாவது 'பா' மட்டும்.

கண்டிப்பு 1-க்கு வந்தால் இழுப்பு 3 துண்டுகளாகும், ஆனாலும் நடுவில் பள்ளம் இருந்துகொண்டேதான் இருக்கும். அக்கா, பட்டி, கத்தி, எச்சில் என்று இந்த வார்ப்பில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். இன்னொன்றையும் சரிபாருங்கள்: 'பட்டி' போல இரு பக்கமும் குறிலாக இருக்கும் சொற்களில் எங்குமே தொடர்ந்து பத்துத் துண்டு கிடைக்காமல், சொல்லே பதிவாகாமல் போயிருக்கலாம். உங்கள் பட்டியலில் உள்ள சொற்களின் எண்ணிக்கையையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

சரி, தீர்வு. 'பேச்சு தொடங்கிவிட்டது' என்று முடிவு செய்ய ஒரு பஃபர், 'எங்கிருந்து வெட்டுவது' என்பதற்கு இன்னொரு பஃபர் என்று இரண்டையும் பிரித்துவிடுங்கள். முடிவு செய்யும் பஃபர் சிறியதாக இருக்கட்டும், கடைசி ஐந்தில் மூன்று பேச்சாக இருந்தால் போதும். வெட்டும் பஃபர் பெரியதாக இருக்கட்டும்.

```python
from collections import deque

lead = deque(maxlen=20)
recent = deque(maxlen=5)
recording = False

for frame in frames:
    lead.append(frame)
    recent.append(vad.is_speech(frame.bytes, 16000))
    if recording:
        saved.append(frame)
    elif sum(recent) >= 3:
        saved = list(lead)
        recording = True
```

`lead` 20 துண்டுகள், அதாவது 600 மில்லி விநாடி. இதில் மேலே சொன்ன 'அப்பா'வை ஓட்டிப் பாருங்கள்: மூன்றாவது துண்டிலேயே பதிவு தொடங்குகிறது, 'அ' தொடங்குவதற்கு முந்தைய 17 துண்டுகளும் கூடவே வருகின்றன. 'சாமி'யின் உரசொலி அந்தப் பதினேழுக்குள் பத்திரமாக இருக்கிறது. பதிவு நடக்கும்போதும் `lead` நிரம்பிக்கொண்டே இருக்கும்படி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு சொல் முடிந்த கையோடு அடுத்ததைச் சொல்லிவிட்டாலும் அதன் தொடக்கம் தப்பாது. இரண்டு கோப்புகளில் கொஞ்சம் ஒலி பொதுவாக வரலாம், அதனால் நஷ்டம் இல்லை.

நிறுத்தும் பகுதியை இங்கே எழுதவில்லை. மாதிரி நிரலில் உள்ளது போல மௌனத்தை எண்ணினால் போதும். ஆனால் 300 மில்லி விநாடி மௌனத்தோடு நிறுத்திவிட வேண்டாம். வயதானவர்கள் சொல்லின் நடுவே வல்லினத்தில் கொஞ்சம் தங்குவார்கள். 600 வையுங்கள்.

இப்படி மாற்றினால் இருமல், நாற்காலி நகரும் சத்தம், சேவல் கூவுவது எல்லாம் முன்பைவிட அதிகமாகக் கோப்புகளாகும். அதை நான் ஏற்றுக்கொள்ளச் சொல்வேன். வேண்டாத கோப்பை அழிக்க இரண்டு விநாடி போதும். வெட்டுப்பட்ட சொல்லுக்கு அந்தப் பாட்டியை மறுபடி தேடிப் போக வேண்டும். அதேபோல `lead`-இன் 600 மில்லி விநாடி என்பது தனிச்சொல் பதிவுக்கான அளவு, ஏனென்றால் சொற்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கிறது. உரையாடலைப் பதிவு செய்யும்போது அதே அளவை வைத்தால் முந்தையவர் பேச்சின் வால் ஒட்டிக்கொள்ளும், அங்கே 200 முதல் 300 வரை சரியாக இருக்கும்.

யாராவது `webrtcvad`-ஐ விட்டுவிட்டு, பேச்சைக் கண்டறியும் இன்னொரு நூலகமான சிலேரோவுக்கு மாறச் சொல்லலாம். இரைச்சலில் அது மேல்தான். ஆனால் பேச்சின் இரு ஓரத்திலும் கூடுதலாகச் சேர்க்க `get_speech_timestamps` தானாக வைத்துக்கொள்ளும் `speech_pad_ms` வெறும் 30. உரசொலியின் தொடக்கம் தவறவிடப்பட்டால் அது பெரும்பாலும் போதாது. 300 என்று நீங்களே கொடுங்கள். `min_speech_duration_ms` 250 என்று இருக்கும், குட்டிச் சொற்கள் முழுதாகவே தொலையும். அதை 100-க்கு இறக்குங்கள்.

மாற்றிய பிறகு காதை மட்டும் நம்ப வேண்டாம். தெரிந்த சொல்லை மனம் தானே நிரப்பிக் கேட்டுவிடும். கோப்பை ஆடாசிட்டியில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். இடது ஓரத்தில் அமைதியான பகுதி இருக்க வேண்டும், 'சாமி'யில் அதையடுத்து மேல்பக்கம் புகைபோல ஒரு கறை தெரிய வேண்டும், அப்புறம்தான் 'ஆ'வின் கோடுகள். ஓரத்திலேயே கோடுகள் தொடங்கினால் அது வெட்டுப்பட்ட கோப்பு.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். மீண்டும் கிடைக்காத குரல்களைப் பதிவு செய்யும்போது எதைச் சேமிப்பது என்ற முடிவை எந்த நூலகத்திடமும் விடாதீர்கள். முழு அமர்வையும் தொடர்ச்சியாக ஒரே கோப்பில் சேமியுங்கள். 16,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 115 எம்.பி.தான் ஆகும். மேலே உள்ள நிரலை வீட்டுக்கு வந்தபின் அந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். வெட்டு தவறினால் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டலாம்.

ஏற்கெனவே வெட்டுப்பட்டவற்றுக்கு அந்த வசதி இல்லை. தூக்கி எறியப்பட்ட துண்டுகள் எங்கும் சேமிக்கப்படவில்லை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வேறொருவர் சொன்ன 'ச'வை வெட்டி ஒட்டுவதும் வேண்டாம், அப்புறம் அது அவருடைய உச்சரிப்பே அல்ல. ஆனால் எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்யத் தேவையில்லை. ச, க, த, ப-வில் தொடங்கும் சொற்களையும், முதல் குறிலை அடுத்து வல்லினம் இரட்டிக்கும் சொற்களையும் பட்டியலிலிருந்து பிரித்தெடுத்து, அவற்றின் கோப்புகளை முதலில் பாருங்கள். ம, ந, வ, ய-வில் தொடங்கி நடுவில் இரட்டை வல்லினம் இல்லாதவை பெரும்பாலும் தப்பியிருக்கும்.