திருமண நாள் வீடியோவுக்கு மேல் ஓடும் வாழ்த்து: எவ்வளவு எழுதுவது, என்ன எழுதுவது?

கேள்வி: அப்பா அம்மாவோட 30-வது கல்யாண நாள் வருது. பழைய டேப், போன் கிளிப் எல்லாம் சேர்த்து ஒரு வீடியோ பண்றேன். மேல என் குரல்ல ஒரு சின்ன வாழ்த்து ஓடணும். எப்படி எழுதறது?

வீடியோவை முதலில் வெட்டி முடித்துவிடுங்கள். எழுத்து அதற்கு அப்புறம்தான். முதலில் எழுதினால், எழுதியதற்கு ஏற்ற படத்தைத் தேட ஆரம்பிப்பீர்கள். அப்பா விழுந்து விழுந்து சிரிக்கும் துண்டு, எந்த வரிக்கும் பொருந்தவில்லை என்பதற்காகவே வெளியே போய்விடும்.

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் வரும். அதற்காக மூன்று நிமிடத்துக்கு 270 சொல் எழுத வேண்டாம். பாதிக்கும் கீழே நிறுத்துங்கள். மீதி நேரம் கிளிப்பின் சொந்தச் சத்தத்துக்கு: நாதஸ்வரம், குழந்தை அழுகை, பின்னாலிருந்து யாரோ போடும் அதட்டல். வந்திருக்கும் சொந்தக்காரர்கள் கேட்க நினைப்பது அதைத்தான்.

எழுதும்போது எனக்கு ஒரே விதி. திரையில் தெரிவதைச் சொல்லக் கூடாது, கேமராவுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். "இல்லற வாழ்வில் வெள்ளிவிழா காணும்" என்று பத்திரிகைத் தமிழில் ஆரம்பித்தால், ஹாலில் அடுத்த நொடியே பேச்சு சத்தம் கிளம்பிவிடும். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்.

என் சித்தப்பா சித்தியின் 25-வது கல்யாண நாளுக்கு நான் எழுதியதை அப்படியே தருகிறேன். மொத்தம் இரண்டரை நிமிடம்.

0:00 தாலி கட்டும் காட்சி. பேச்சில்லை, கெட்டிமேளம் மட்டும்.

0:25 "சித்தப்பா, உங்க கை நடுங்குனதை இப்ப எல்லாரும் பார்த்தாச்சு. முதல் முடிச்சையும் அத்தைதான் போட்டாங்கன்னு சித்தி எங்ககிட்ட எப்பவோ சொல்லிட்டாங்க."

0:50 ஸ்கூட்டர். "இதுலதான் சித்தி தையல் கிளாஸுக்குப் போனாங்க. கிளாஸ் முடியற வரைக்கும் சித்தப்பா எதிர்த்த டீக்கடையிலயே உக்காந்திருப்பாரு. கேட்டா, வீட்டுக்குப் போய்ட்டு வர்ற பெட்ரோல் மிச்சம்னு சொல்லுவாரு. ரெண்டு டீ, ஒரு வடைக் காசைக் கழிச்சுப் பார்த்தா மிச்சம் ஒண்ணும் இல்ல."

1:20 பாட்டி. பேச்சில்லை. "போதும்டா, நிறுத்து" என்று அவர் திட்டுவது மட்டும்.

1:35 "பாட்டி படுக்கையில இருந்தப்போ ராத்திரி ராத்திரி எழுந்து பார்த்தது நீங்க ரெண்டு பேரும்தான். அதை யாரும் வீடியோ எடுக்கல. நாங்க மறக்கவும் இல்ல."

2:05 குடும்பப் படம். "எல்லாரும் ஒரு தடவை எழுந்து நில்லுங்க. கையில இருக்கிற பாயசத்தைத் தூக்கிப் பிடிங்க. சித்தப்பா, சித்தி, நூறு வருஷம் நல்லா இருங்க!"

2:20 அதே படம் அசையாமல் பத்து நொடி. இசையும் இல்லை.

அந்தப் பத்து நொடி ஹாலில் இருப்பவர்களுக்கானது. கைதட்டல், விசில், யாராவது போடும் சத்தம் எல்லாம் அதில்தான் வரும். அதை விடாமல் வீடியோவை முடித்தால், எழுந்து நின்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். பாயசத்தைச் சின்ன டம்ளரில் ஊற்றி வீடியோ தொடங்கும் முன்பே கொடுக்கச் சொல்லியிருந்தோம். இலையில் ஊற்றிய பாயசத்தை யார் தூக்குவது?

பாட்டி வரி பற்றி ஒன்று. இறந்தவர் குரல் திடீரென்று ஸ்பீக்கரில் வந்தால் சிலருக்குத் தாங்காது. அதனால் அந்தத் துண்டை மட்டும் அத்தையிடம் முன்கூட்டியே காட்டிவிட்டேன். நோய், கடன், பழைய சண்டை போன்றவற்றைத் தொடும் எந்த வரிக்கும் இப்படி ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குரல் பதிவுக்கு மைக் வாங்க வேண்டாம். மெத்தை, திரைச்சீலை உள்ள அறையில், ஃபேனை அணைத்துவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் மூச்சுக்காற்று புஸ்ஸென்று விழும். ஒரே மூச்சில் முழுதையும் படிக்காமல் வரி வரியாகப் பதிவு செய்தால், படத்தோடு பொருந்தாத வரியை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம். பேச்சுக்கு அடியில் பாட்டு வேண்டாம். இரண்டு பேர் வார்த்தையும் மோதும். புல்லாங்குழலோ வீணையோ மெதுவாக ஓடட்டும். சொந்தக்காரர்களிடம் கிளிப் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, பெரிய திரையில் முகமே கலங்கிப்போகும்.

அப்புறம் ஹால். லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் புரொஜக்டருக்குக் கொடுத்தால் பெரும்பாலும் சத்தமும் அதோடு போய்விடும். ஹால் ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும், புரொஜக்டருக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் முனகும். லேப்டாப்பின் ஒலி அமைப்பில் வெளியீட்டை ஹெட்போனுக்கு மாற்றி, அங்கிருந்து சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சருக்கு ஒரு கேபிள் போடச் சொல்லுங்கள். கூட்டம் வருவதற்கு முன் ஒருமுறை ஓட்டிக் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். எதிரொலியில் சொற்கள் ஒட்டிக்கொண்டால் குரலை ஏற்றிப் பயனில்லை, இசையைத்தான் இன்னும் இறக்க வேண்டும்.